சுவருக்குள் யார் தட்டுகிறார்கள்?

வாஷிங் மெஷின் தண்ணீர் பிடித்து முடித்ததும் சுவருக்குள் ‘டம்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இது இன்னும் பலமாகக் கேட்கும். மெஷினில் உள்ள வால்வு கண் இமைப்பதற்குள் மூடிக்கொள்கிறது. வேகமாக வந்த தண்ணீர் சட்டென்று நிற்க நேர்வதால், அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறிக் குழாய் நெடுக முன்னும் பின்னும் ஓடுகிறது. இதைத்தான் ‘வாட்டர் ஹேமர்’ என்கிறார்கள்.

மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் இதைச் சோதித்த ஜுக்கோவ்ஸ்கி, 1898இல் கணக்கை வெளியிட்டார். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் திடீரென நிறுத்தினால், ஜி.ஐ. குழாயில் சுமார் 12 பார் அழுத்தம் கூடும். பி.வி.சி. கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால் அதில் 4 பார் அளவுதான். பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டி சாதாரணமாகத் தருவது வெறும் 1 பார்தான். அடிக்கடி இப்படி அடி வாங்கினால் ஜாயின்ட் கசியத் தொடங்கும்.

சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மூடிய கணத்தில் ஒரே அடியாக வந்தால் வாட்டர் ஹேமர். திறந்திருக்கும்போது கடகடவென்று அதிர்ந்தால், கிளாம்ப் கழன்று குழாய் சுவரில் மோதுகிறது, அல்லது டேப்புக்குள் வாஷர் ஆடுகிறது. தண்ணீர் புஸ்ஸென்று காற்றோடு விட்டு விட்டு வந்தால் ஏர் லாக்.

வாட்டர் ஹேமருக்குச் செலவில்லாத வைத்தியத்தை முதலில் பார்க்கலாம். மெஷினுக்குப் போகும் ஆங்கிள் வால்வைப் பாதி மூடுங்கள். வேகம் பாதியானால் அடியும் பாதியாகும். மெஷின் நிரம்பக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும், அவ்வளவுதான். அதற்கும் அடங்காவிட்டால், மெஷின் வால்வை ஒட்டி ‘வாட்டர் ஹேமர் அரெஸ்டர்’ பொருத்தலாம். அதற்குள் அடைபட்டிருக்கும் காற்று, பிஸ்டன் வழியாக அடியை வாங்கிக்கொள்ளும். பிளம்பர்கள் சிலர் மூடி போட்ட குழாய்த் துண்டை மேல்நோக்கி நட்டு வைப்பார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் உள்ளிருக்கும் காற்று மெல்லத் தண்ணீரில் கரைந்துவிடும். லைனை முழுக்க வடித்துவிட்டால் மறுபடி காற்று ஏறும்.

மொட்டை மாடிக் குழாய்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலக் குழாய்க்கு மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் வேண்டும். வெந்நீர் லைனில் மட்டும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. சூட்டில் நீளும் குழாய் நகர இடம் வேண்டும்.

ஏர் லாக் பெரும்பாலும் தொட்டியைக் கழுவிய பிறகு வரும். மாடியில் மேடாக வளைந்து போகும் இடத்தில் காற்று தங்கிவிடுகிறது. தொட்டியை நிரப்பி, கீழ்த்தள டேப்பை முழுதாகத் திறந்து ஓட விடுங்கள். மாதா மாதம் இதே தொல்லை என்றால், தொட்டியின் கேட் வால்வைத் தாண்டியதும் ஒரு டீ போட்டு, தொட்டி நீர்மட்டத்தைவிட உயரமாக ஏர் வென்ட் குழாய் ஏற்றச் சொல்லுங்கள். அதன் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, கொசுவலைத் துண்டைக் கட்டிவிட வேண்டும்.