சிவப்புக் கோடும் முதல் அலசலும்

சிலர் ஜீன்ஸின் கால் முனையை ஒரு சுற்று மடித்துவிட்டுப் போடுவார்கள். மடிப்பில், வெளிப்பக்கத் தையலை ஒட்டி ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். பெரும்பாலும் அதில் ஒரு சிவப்புக் கோடும் ஓடும். அது தெரியவேண்டும் என்றுதான் மடிப்பதே. செல்வெட்ஜ் டெனிம் என்பது இதுதான். சாதாரண ஜீன்ஸைவிட விலை பல மடங்கு.

அந்தப் பட்டை, துணியின் ஓரம். பழைய தறியில் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வரும்போது, ஊடை நூல் அறுபடாமல் ஓரத்தில் திரும்பிவிடுகிறது. அதனால் ஓரம் தானே மூடிக்கொள்ளும், பிரியாது. கைத்தறி வேட்டியின் ஓரமும் இப்படி அமைவதுதான். இன்றைய நாடா இல்லாத தறிகளில் காற்றோ கம்பியோ நூலை ஒருபக்கமிருந்து இழுத்துச் சென்று சேர்க்கும். ஒவ்வொரு இழையும் ஓரத்தில் வெட்டப்பட்டுக் குஞ்சம்போல் நிற்கும். ஆகவே சாதாரண ஜீன்ஸின் வெளித்தையலை உள்ளே பார்த்தால் ஓவர்லாக் போட்டிருப்பார்கள்.

விலைக்கும் காரணம் தறிதான். பழைய தறி மெதுவாக ஓடும். துணியின் அகலமும் 30 அங்குலத்தைச் சுற்றித்தான் வரும். புதிய தறியில் அதைப்போல இரு மடங்கு. குறுகிய துணியில் ஒரு ஜீன்ஸ் வெட்ட அதிக நீளம் வேண்டும். சிவப்பு நூலுக்கும் ஒரு கதை உண்டு: அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் இருந்த ஒயிட் ஓக் ஆலை, லீவைஸ் நிறுவனத்துக்குப் போகும் துணியை அடையாளம் காண ஓரத்தில் சிவப்பு நூல் வைத்து நெய்தது. அந்த ஆலை 2017 கடைசியில் மூடப்பட்டது. இன்று இந்தத் துணிக்குப் பேர்போன இடம் ஜப்பானின் ஒகயாமா.

ஆனால் சிவப்புக் கோடு இருந்தால் ஜீன்ஸ் கூடுதலாக உழைக்கும் என்பது நம்பிக்கைதான். உழைப்பைத் தீர்மானிப்பவை நூலின் தரமும் துணியின் கனமும் தையலும். கோடு சொல்வதெல்லாம் எந்தத் தறியில் நெய்தார்கள் என்பதை மட்டுமே. சில மலிவான ஜீன்ஸ்களில் பட்டையை நாடாபோலத் தனியாக வைத்துத் தைத்துவிடுவதும் உண்டு. ஊடை நூல் ஓரத்தில் திரும்பி உள்ளே போகிறதா என்று உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரா டெனிம் என்பது வேறு சங்கதி. தைத்தபின் ஒருமுறைகூட ஆலையில் துவைக்காத ஜீன்ஸ் அது. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருப்பதால் அட்டைபோல விறைப்பாக இருக்கும். செல்வெட்ஜ் எல்லாம் ரா அல்ல. ரா எல்லாம் செல்வெட்ஜும் அல்ல.

முதல் துவைப்புக்கு முன் லேபிளில் பார்க்கவேண்டிய சொல் ஒன்றுதான்: சான்ஃபரைஸ்டு. அதாவது சுருக்கம் ஆலையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது; இனி 1 முதல் 3 சதவீதம் வரைதான் சுருங்கும். அது செய்யாத துணி 7 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். உள்கால் நீளம் 34 அங்குலம் உள்ள ஜீன்ஸ் 8 சதவீதம் சுருங்கினால் 31 அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக நிற்கும். இதைத் தெரியாமல் வாங்கிய அன்றே 32-க்கு வெட்டித் தைத்துவிட்டால், முதல் தண்ணீரில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.

ஆகவே சுருக்கம் எடுக்காத துணியைப் போடுவதற்கு முன்பே நனைக்கவேண்டும். பட்டன்களைப் போட்டு, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் மடிப்பில்லாமல் முழுக்க அமிழ்த்தி ஒரு மணி நேரம் விடலாம். சோப்பு வேண்டாம். தண்ணீர் கஞ்சியால் மஞ்சள் பழுப்பாகவும் அதோடு நீலமாகவும் கலங்கும். பயப்படவேண்டாம். இண்டிகோ நூலின் மேற்புறத்தில்தான் தங்குகிறது, உள்ளே வெள்ளைதான். ஆகவே கொஞ்சம் சாயம் போகத்தான் செய்யும்.

சான்ஃபரைஸ்டு ஜீன்ஸை நனைக்காமலே போடத் தொடங்கலாம். தொடை மடிப்பும் முழங்கால் பின்புறமும் சில மாதங்களில் வெளுத்துக் கோடு விழும்; அந்தக் கோடுகளுக்காகவே பலர் துவைப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆறு மாதம் துவைக்கவே கூடாது என்பதெல்லாம் நம் ஊர் வியர்வைக்கு ஒத்துவராது. வியர்வையும் அழுக்கும் படிந்த பருத்தி நூல் இற்றுப்போகும். வாடை வந்தால் துவைத்துவிட வேண்டியதுதான்.

அந்தத் துவைப்பிலும் உள்பக்கம் வெளியே, குளிர்ந்த தண்ணீர், பிளீச் இல்லாத மென்மையான சோப்பு, அரை மணி ஊறல். கையால் அமுக்கி அலசுங்கள், பிரஷ் போடாதீர்கள். மெஷினில் நசுங்கிச் சுழன்றால், மடிந்த இடங்களிலெல்லாம் போகாத வெள்ளைக் கீறல்கள் விழும். அவை போட்டுப் பழகி வந்த கோடுகளைப்போல அழகாக இருக்காது. கடைசி அலசலில் தண்ணீர் லேசாக நீலம் காட்டினாலும் போதும், பளிங்காகும் வரை அலசினால் சாயம்தான் வீணாகும். முறுக்கிப் பிழியாமல், இடுப்பைப் பிடித்து நிழலில் தொங்கவிடுங்கள். வேறு துணியை அருகே போடாதீர்கள்.

காய்ந்ததும் இடுப்பு பிடித்தால் கவலை வேண்டாம், இரண்டு நாள் போட்டால் இளகிக்கொடுக்கும். கால் நீளம் மட்டும் அப்படி மீளாது. ஆகவே டெய்லரிடம் அளவெடுக்கப் போவதைக் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.