எந்த நாள், எத்தனை மணி?

"பாத்ரூம்ல தண்ணி ஒழுகுது சார், யாரையாவது அனுப்புங்க." வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரி போகும். "பார்க்கலாம்" என்று பதில் வரும். அவர் பொல்லாதவர் என்பதால் அல்ல. எதைப் பழுது பார்க்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும், எப்போது வந்தால் கதவு திறந்திருக்கும் என்று ஒன்றுமே அந்த வரியில் இல்லை. அதையெல்லாம் அவரே விசாரிக்கட்டும் என்று விட்டால், வேலை தள்ளிக்கொண்டேதான் போகும்.

மூன்று மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் மாடியில் நாம், மேலே இன்னொரு குடும்பம், வீட்டுக்காரர் வேறு பகுதியில். நம் பாத்ரூம் சீலிங்கில் ஈரம் படர்ந்து, லைட் பக்கமாகச் சொட்டுகிறது. முதலில் அந்த லைட்டுக்கான எம்சிபியை இறக்கிவிட வேண்டும். பிறகு மேல்வீட்டாரிடம் ஒரு நாள் மட்டும் அந்த பாத்ரூமைப் பயன்படுத்தாமல் இருக்கச் சொல்லிப் பார்க்கலாம். சொட்டு நின்றுவிட்டால், கழிவுநீர் போகும் வழியில்தான் கோளாறு. பெரும்பாலும் தரையில் பதித்த நானி டிராப்பைச் சுற்றியோ டைல்ஸ் இடுக்கிலோ இருக்கும். நிற்காமல் ஒரே சீராகச் சொட்டினால், சுவருக்குள் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும் குழாயில் கசிவு. இதைக் கண்டுகொண்டால் கடிதத்தின் பாதி எழுதியாயிற்று. உடைக்க வேண்டியது மேல்வீட்டுத் தரை என்றால், நமக்கு மட்டும் வசதியான நாளைக் கேட்டுப் பயனில்லை. அவர்களும் வீட்டில் இருக்க வேண்டும்.

செலவு யாருடையது என்ற கேள்வியும் நாளைத் தள்ளிப்போடும். 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை இதைப் பிரித்துச் சொல்கிறது. குழாய் மாற்றுவதும் ஒயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. டேப், வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் தலையில் விழும் சில்லறை வேலையை நாமே முடித்துவிட்டு அதையும் கடிதத்தில் குறிப்பிட்டால், மீதியைக் கேட்கும்போது குரலுக்குக் கனம் கூடும்.

கடிதம் இவ்வளவு போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். முதல் மாடி பாத்ரூம் சீலிங்கில், லைட்டுக்கு அருகே, சென்ற திங்கள் முதல் தண்ணீர் சொட்டுகிறது. படங்கள் இணைத்துள்ளேன். மேல்வீட்டில் ஒரு நாள் பாத்ரூமைப் பயன்படுத்தாதபோது சொட்டு நின்றது. பாதுகாப்புக்காக லைட்டின் எம்சிபியை இறக்கி வைத்திருக்கிறேன். பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் சேர்ந்து வந்து பார்த்தால் நல்லது. சனிக்கிழமை காலை 10 மணி அல்லது ஞாயிறு மாலை 4 மணி எனக்கும் மேல்வீட்டாருக்கும் தோதுப்படும். வருபவரின் பெயரையும் போன் நம்பரையும் முந்தைய நாளே தெரிவித்தால் காத்திருப்பேன். எந்த நேரம் சரி என்று வியாழன் இரவுக்குள் சொல்ல முடியுமா?"

இதில் கோபம் இல்லை, சட்டப் பிரிவு எண்ணும் இல்லை. முதல் கடிதத்திலேயே சட்டத்தை நீட்டினால், வீட்டுக்காரர் பிளம்பருக்குப் போன் செய்யும் முன் வக்கீலுக்குச் செய்வார். இரண்டு நேரம் கொடுத்திருப்பதையும் கவனியுங்கள். "எப்ப வேணா வாங்க" என்பது தாராளம்போல் தெரியும். ஆனால் ஆள் வருவது நாம் ஆபீசில் இருக்கும்போதாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர் தரப்பில் வந்து பார்ப்பதானாலும், 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதே சட்டம். ஆகவே முந்தைய நாளே சொல்லுங்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பலர் சறுக்கும் இடம் இனிமேல்தான். சனிக்கிழமை வந்த பிளம்பர் தட்டிப் பார்ப்பார், "உடைக்கணும்" என்பார், போய்விடுவார். அது பார்வையிடும் நாள், வேலை நாள் அல்ல. அவர் கிளம்பும் முன்பே, உடைக்கும் நாள் எது, மேல்வீட்டு பாத்ரூம் எத்தனை நாள் மூடியிருக்கும், மோட்டாரை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டு, அன்று மாலையே வீட்டுக்காரருக்கு எழுதிவிட வேண்டும்: "பிளம்பர் சொன்னது இது, புதன் காலை தொடங்கலாம் என்கிறார், உங்களுக்குச் சம்மதமா?"

வேலை முடிந்ததும் டிராப்பின் வாயை அடைத்து, மேல்வீட்டு பாத்ரூமில் ஒரு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திவிட்டு, நம் சீலிங்கைப் பார்க்க வேண்டும். சீலிங் நன்றாகக் காய்ந்த பிறகே எலெக்ட்ரீஷியன் லைட் ஹோல்டரைக் கழற்றி, ஒயரைச் சோதித்து எம்சிபியை ஏற்றலாம். அவர் வரும் நாளையும் புதன்கிழமையே கேட்டு வாங்கிவிடுங்கள். பிளம்பருக்குக் கூலி கைமாறிய பிறகு கேட்டால், மறுபடியும் "பார்க்கலாம்"தான் வரும்.