கவரிலேயே தங்கிவிட்ட பேரிங்

மோட்டாரைப் பிரித்துக் கவரை இழுத்தால், பேரிங் ரோட்டாரோடு சேர்ந்து வெளியே வர வேண்டும். பெரும்பாலான சின்ன மோட்டார்களை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பேரிங்கின் உள்வளையம் சுழலும் ஷாஃப்டில் இறுக்கமாக ஏறியிருக்கும். வெளிவளையமோ கவரில் உள்ள குழியில் கையால் தள்ளினாலே உட்காரும் அளவுக்கு லேசாக இருக்கும். எனவே ரோட்டார் தனியாகவும் பேரிங் கவரிலும் நின்றுவிட்டால், கழற்றும் வேலையைத் தொடங்குமுன் அது ஏன் அங்கே நின்றது என்று பார்க்க வேண்டும். ஒன்று, குழிக்குள் துருவோ ரீவைண்டிங் செய்தபோது வழிந்த வார்னிஷோ வெளிவளையத்தைப் பிடித்திருக்கும். அல்லது ஷாஃப்ட் தேய்ந்து உள்வளையம் தன் பிடியை விட்டிருக்கும். இரண்டும் சேர்ந்தும் நடக்கும்.

சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை எச்பி மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்பக்கக் கவர் அலுமினியம். அதில் 6203 என்ற எண்ணுள்ள பேரிங். உள்துளை 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. இந்த எண் எந்தக் கம்பெனிப் பேரிங்கிலும் இதே அளவைத்தான் குறிக்கும். கவரின் நடுவே, ஷாஃப்டின் நுனி வெளியே போய் விசிறியைத் தாங்குவதற்காக, ஒரு சிறிய துளை உண்டு. பின்னாலிருந்து தட்டலாம் என்று பார்த்தால், அந்தத் துளை வழியாக எட்டுவது உள்வளையம் மட்டுமே. இறுகி நிற்பதோ வெளிவளையம். சில மோட்டார்களில் இந்தத் துளைகூட இருக்காது, கவர் மூடியே இருக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் உளியையும் சுத்தியலையும் எடுக்கிறார்கள். ஓரத்தில் ஒரு அடி விழுந்ததும் பேரிங் குழிக்குள் கோணலாகத் திரும்பும். கோணிய வளையம் நேராக நின்ற வளையத்தைவிடப் பல மடங்கு இறுக்கமாகச் சிக்கிக்கொள்ளும். இரண்டாவது அடியில் உளி அலுமினியத்தைச் சீவிவிடும். புது பேரிங் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடும். அந்த மாடலுக்கான கவர் தேடினாலும் கிடைக்காமல் போகலாம்.

ஷாஃப்டிலிருந்து பேரிங் உருவும் மூன்று கால் புல்லர் வெளியிலிருந்து கவ்வுவது. குழிக்குள் முழுக்க அமுங்கிய பேரிங்கை அதனால் பிடிக்க முடியாது. இங்கே தேவைப்படுவது உள்ளே நுழைந்து விரியும் புல்லர். அதன் முனையில் நாலாகப் பிளந்த ஒரு குழாய் இருக்கும், கோலெட் என்பார்கள். அதன் நுனியில் வெளிநோக்கிய சிறு உதடு. 17 மில்லிமீட்டர் துளைக்குப் பொருந்தும் கோலெட்டைப் பேரிங்குக்குள் விட்டு, அதன் நடுத்தண்டை இறுக்கினால் குழாய் விரிந்து, உதடு உள்வளையத்தின் பின்புறத்தில் போய் மாட்டும். மாட்டிக்கொள்ள அங்கே இடம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். குழியின் அடியில் உள்ள படி வெளிவளையத்தை மட்டும் தாங்கும்படி கடைந்திருப்பதால், உள்வளையத்துக்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்கள். அலை அலையாக வளைந்த வாஷர் ஒன்றும் அங்கே கிடக்கலாம். பேரிங் வெளியே வரும்போது அது எங்காவது உருண்டு போய்விடும். அது இல்லாமல் பூட்டினால் ரோட்டார் முன்னும் பின்னும் ஆடும்.

புல்லரைப் பூட்டுமுன் கவரைக் காலி செய்ய வேண்டும். ஒற்றை பேஸ் மோட்டார்களில் பலவற்றில், சென்ட்ரிஃபியூகல் சுவிட்சின் நிலையான பாதி இந்தக் கவரிலேயே திருகப்பட்டிருக்கும். எந்த ஒயர் எதில் என்று படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். மோட்டாரைத் திறக்குமுன்பே அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்திருக்க வேண்டும்.

இனி பாலம். கோலெட்டின் தண்டு ஒரு குறுக்குச் சட்டத்தின் நடுவே போகும். சட்டத்தின் இரண்டு கால்களும் கவரின்மேல் ஊன்றி நிற்கும். நாம் மேலே இழுக்கும் அதே விசையோடு அந்தக் கால்கள் கவரைக் கீழே அழுத்தும். அதனால் கால்கள் மெல்லிய விளிம்பில் நிற்கக்கூடாது. குழியைச் சுற்றியுள்ள தடித்த மேட்டை ஒட்டி நிற்க வேண்டும். இடம் போதவில்லை என்றால், நடுவில் துளையிட்ட தடித்த இரும்புப் பட்டையை மேட்டின்மேல் வைத்து, கால்களை அதன்மேல் ஊன்றலாம். தண்டு குழிக்கு நேர் செங்குத்தாக நிற்கிறதா என்பதை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. நிறுத்தம். தண்டின் தலையில் சின்னச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. மறுபடி கால் சுற்று. இழுவிசை ஏற்கெனவே தயாராக நிற்கிறது. துருவின் பிடி விடுவதற்கு அந்த அதிர்வு போதும். ‘டக்’ என்று ஒரு சிறு ஓசை கேட்டு ஸ்பேனர் சட்டென்று இலகுவானால் பேரிங் நகர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரே சீராக வரும். நட்டு சுற்றிக்கொண்டே போகிறது, பேரிங் அசையவில்லை என்றால் கோலெட் நழுவுகிறது அல்லது கவர் வளைகிறது. அங்கேயே நிறுத்த வேண்டும்.

கோவையில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் ஒருவர் இந்தக் கட்டத்தில் உதவியாளரிடம் சொன்னது: “தம்பி, ஸ்பேனருக்குப் பைப்பு மாட்டாதே. சூடு காட்டு.” நீளமான பைப் மாட்டினால் கைக்குப் பலம் கூடும், அதோடு இறுக்கத்தை உணர்கிற திறனும் போய்விடும். சூடு வேறு வழியில் வேலை செய்கிறது. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கவரை 60 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் 40 மில்லிமீட்டர் குழி சுமார் 0.055 மில்லிமீட்டர் அகலமாகும். பேரிங்கும் அதே அளவு சூடானால் அது 0.03 அளவுக்கு விரியும். மிஞ்சும் இடைவெளி தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை, ஆனால் போதும். ஆகவே ஹாட் ஏர் கன்னைக் குழிக்கு வெளிப்புறமாகச் சுற்றிக் காட்டி, சூடு பேரிங்குக்குள் இறங்குவதற்குள் நட்டைத் திருக வேண்டும். முன்பே துரு நீக்கும் எண்ணெய் அடித்திருந்தால் துடைத்துவிட்டுத்தான் சூடு. அது எரியும். வார்ப்பிரும்புக் கவருக்கு இந்தக் கணக்கு இவ்வளவு உதவாது, இரும்பும் எஃகும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விரிகின்றன. அங்கே எண்ணெயும் பொறுமையும்தான்.

சில நேரம் உள்வளையமும் குண்டுகளும் வந்துவிட்டு வெளிவளையம் மட்டும் குழியில் நின்றுவிடும். பட்டறைக்காரர்கள் அந்த வளையத்தின் உட்புறத்தில் சுற்றி ஒரு வெல்டிங் கோடு இழுப்பார்கள். ஆறும்போது வெல்டிங் சுருங்கி, வளையத்தையும் சுருக்கும். கவரைக் கவிழ்த்தால் விழுந்துவிடும்.

நன்றாகச் சுற்றினாலும் வெளியே எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடக்கூடாது. உள்வளையத்தைப் பிடித்து வெளிவளையத்தை இழுத்திருக்கிறோம். அந்த விசை முழுதும் குண்டுகள் வழியாகப் போயிருக்கிறது. ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுந்திருக்கும், சில வாரங்களில் மோட்டார் இரைய ஆரம்பிக்கும்.

காலியான குழியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் கண்ணாடிபோல் பளபளத்தால் வெளிவளையம் உள்ளே சுற்றியிருக்கிறது. புது பேரிங்கை வைத்துப் பார்க்கும்போது அது கையால் தள்ளினால் உள்ளே போக வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. ஆடினால் லேத்தில் குழியைக் கடைந்து புஷ் போட வேண்டும். ஷாஃப்டிலோ நேரெதிர்: புது பேரிங் கையால் ஏறிவிட்டால் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. சென்டர் பஞ்சால் ஷாஃப்டில் புள்ளி புள்ளியாகக் குத்தி இறுக்கம் வரவழைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் புள்ளிகளின் முனைகள் மட்டுமே பேரிங்கைத் தாங்கும், சீக்கிரமே தேய்ந்து பழைய நிலைக்கு வந்துவிடும். ஷாஃப்டில் உலோகம் ஏற்றி மறுபடி 17 மில்லிமீட்டருக்குக் கடைந்தால், அடுத்த முறை பிரிக்கும்போது பேரிங் ரோட்டாரோடு வரும்.