ஹீலியத்தில் குறையும் நிறை

ஹீலியத்தின் அணுக்கருவில் இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் இருக்கின்றன. இந்த நான்கு துகள்களின் நிறையைத் தனித்தனியே அளந்து கூட்டினால் வரும் தொகையைவிட, அவை சேர்ந்து உருவான அணுக்கருவின் நிறை ஏறத்தாழ 0.75 விழுக்காடு குறைவு. இந்த வேறுபாட்டை நிறைக் குறைபாடு என்கிறார்கள். 1920-இல் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் ஆஸ்டன், தாம் வடிவமைத்த நிறைமாலைக் கருவியைக் கொண்டு, ஒரு ஹீலியம் அணு நான்கு ஹைட்ரஜன் அணுக்களைவிட எடை குறைந்தது என்று கண்டார். சூரியன் இத்தனை காலம் எரிந்துகொண்டிருப்பதற்கு இந்தச் சிறு குறைவே காரணமாக இருக்கலாம் என்று அதே ஆண்டில் ஆர்தர் எடிங்டன் சொன்னார். அப்போது நியூட்ரான் கண்டுபிடிக்கப்படவே இல்லை.

அணுக்களின் நிறையைக் கிலோகிராமில் எழுதினால் எண்கள் கையாள முடியாத அளவுக்குச் சிறியவை. அதனால் கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கை அணு நிறை அலகாக எடுத்துக்கொள்கிறார்கள். அதன் குறியீடு u. ஓர் அலகு 1.66054 × 10⁻²⁷ கிலோகிராம். இதை ஆற்றலாக மாற்ற ஐன்ஸ்டைனின் சமன்பாடு போதும். ஒளியின் வேகத்தின் இருமடியால் பெருக்கினால் 1.4924 × 10⁻¹⁰ ஜூல் வருகிறது. அணுக்கரு இயற்பியலில் ஜூலும் பெரிய அலகுதான். அங்கே புழங்குவது மெகா எலக்ட்ரான் வோல்ட். ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் 1.60218 × 10⁻¹³ ஜூல் என்பதால், வகுத்துப் பார்த்தால் இப்படி முடிகிறது:

1 u = 931.494 MeV

இந்த ஓர் எண் கையில் இருந்தால் கிலோகிராமையும் ஒளியின் வேகத்தையும் ஒவ்வொரு முறையும் இழுத்துவர வேண்டியதில்லை. நிறைக் குறைபாட்டை u-வில் கண்டு 931.494-ஆல் பெருக்கினால் அதுவே பிணைப்பு ஆற்றல்.

ஹீலியத்துக்கே கணக்கைப் போடலாம். ஹைட்ரஜன் அணுவின் நிறை 1.007825, நியூட்ரானின் நிறை 1.008665, ஹீலியம்-4 அணுவின் நிறை 4.002603; எல்லாம் u-வில்.

2 × 1.007825 + 2 × 1.008665 = 4.032980 u
4.032980 − 4.002603 = 0.030377 u
0.030377 × 931.494 = 28.30 MeV

நான்கு துகள்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 7.07 மெகா எலக்ட்ரான் வோல்ட்.

அணுக்கருவில் இருப்பது புரோட்டான். கணக்கில் வந்ததோ ஹைட்ரஜன் அணு. மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். அட்டவணைகள் தருவது அணுக்கருவின் நிறையை அல்ல, எலக்ட்ரான்களும் சேர்ந்த முழு அணுவின் நிறையை. ஹீலியம் அணுவின் 4.002603-க்குள் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. புரோட்டானுக்குப் பதிலாக ஹைட்ரஜன் அணுவைப் போட்டால் மறுபுறத்திலும் இரண்டு எலக்ட்ரான்கள் வந்து, கழிக்கும்போது அவை நீங்கிவிடுகின்றன. அப்படிச் செய்யாமல் புரோட்டானின் நிறையான 1.007276-ஐயே போட்டு அணுவின் நிறையைக் கழித்தால் விடை 27.27 என்று வரும். சரியான விடைக்கும் இதற்கும் உள்ள இடைவெளி 1.02. ஓர் எலக்ட்ரானின் நிறை 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சமம், இரண்டுக்கு 1.02. ஒரு விடை இந்த 0.511-இன் மடங்காகப் பிசகியிருந்தால், அணு நிறையையும் அணுக்கரு நிறையையும் கலந்துவிட்டார்கள் என்று உடனே சொல்லிவிடலாம்.

தசம இடங்களைச் சுருக்குவதும் அதே அளவுக்குக் கெடுதல் செய்யும். மேலே உள்ள நிறைகளை இரண்டு தசம இடங்களோடு நிறுத்தினால் 4.04-இலிருந்து 4.00-ஐக் கழிக்க வேண்டிவரும். விடை 37 மெகா எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிவிடும். கிட்டத்தட்டச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைப் பெறும் கணக்கு இது. கழித்து முடிக்கும்வரை ஆறு தசம இடங்களையும் விடாமல் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

கணக்கு சரியாக வந்தாலும் பொருள் தவறாகப் புரிவதுண்டு. பிணைப்பு ஆற்றல் என்ற பெயரைக் கேட்டதும், அணுக்கருவுக்குள் அத்தனை ஆற்றல் அடைபட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. உண்மையில் அந்த ஆற்றல் அணுக்கரு உருவானபோதே வெளியேறிவிட்டது. நிறை குறைந்திருப்பதே அதனால்தான். அதைக் கடனாக நினைத்துக்கொண்டால் பொருத்தமாக இருக்கும்: துகள்களை மறுபடி பிரிக்க வேண்டுமானால் அவ்வளவையும் வெளியிலிருந்து கொடுத்துத் தீர்க்க வேண்டும். இதை நேரில் காட்டுவது டியூட்டீரியத்தின் அணுக்கரு. ஒரு புரோட்டான் மெதுவான நியூட்ரான் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்போது 2.22 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் காமா கதிர் வெளிப்படுகிறது. டியூட்டீரியத்தின் நிறைக் குறைபாடு 0.002388 u, பெருக்கினால் வருவதும் அதே 2.22. குறைந்துபோன நிறை எங்கே சென்றது என்பது இங்கே கருவியிலேயே பதிவாகிறது.

அப்படியானால் அணுக்கரு வினையில் ஆற்றல் கிடைக்க, விளைபொருள்களின் மொத்தப் பிணைப்பு ஆற்றல் தொடக்கத்தில் இருந்ததைவிட அதிகமாக இருக்க வேண்டும். 1932-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜான் காக்ராஃப்ட்டும் எர்னெஸ்ட் வால்டனும் முடுக்கிவிட்ட புரோட்டான்களை லித்தியத்தின் மீது மோதவிட்டார்கள். லித்தியம்-7 அணுக்கரு புரோட்டானை வாங்கிக்கொண்டு இரண்டு ஹீலியம் அணுக்கருக்களாகப் பிளந்தது. இரண்டும் சேர்ந்து சுமார் 17.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் எதிரெதிர்த் திசைகளில் பறந்தன.

இந்த எண்ணை இரண்டு வழிகளில் சரிபார்க்கலாம். முதல் வழி நேரடியாக நிறைகளைக் கழிப்பது. லித்தியம்-7 அணுவின் நிறை 7.016004.

7.016004 + 1.007825 − 2 × 4.002603 = 0.018623 u
0.018623 × 931.494 = 17.35 MeV

இரண்டாவது வழி பிணைப்பு ஆற்றல்கள். மூன்று ஹைட்ரஜன், நான்கு நியூட்ரான் என்று கூட்டிக் கழித்தால் லித்தியம்-7-க்கு 39.24 வருகிறது. தனிப் புரோட்டானுக்குப் பிணைப்பு ஆற்றல் கிடையாது. இரண்டு ஹீலியங்களுக்கு 56.59. வேறுபாடு அதே 17.35. இரண்டு வழிகளும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு துகளின் எண்ணிக்கை தவறியிருக்கிறது என்று பொருள்.

இந்த வினையில் எலக்ட்ரான்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. லித்தியத்தில் மூன்று, ஹைட்ரஜனில் ஒன்று. மறுபுறம் இரண்டு ஹீலியங்களிலும் சேர்த்து நான்கு. சாதாரண பீட்டாச் சிதைவிலும் அணு நிறைகளைக் கழித்தாலே போதும். பாசிட்ரான் வெளிப்படும் சிதைவில்தான் இந்த வசதி பொய்த்துவிடுகிறது. கார்பன்-11 அணு (11.011433 u) பாசிட்ரானை வெளியிட்டுப் போரான்-11 ஆக (11.009305 u) மாறும்போது அணு நிறைகளின் வேறுபாடு 0.002128 u, அதாவது 1.98 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஆனால் போரானுக்கு ஓர் எலக்ட்ரான் குறைவாகவே தேவை. மிஞ்சிய எலக்ட்ரான் ஒன்று, வெளியேறும் பாசிட்ரான் ஒன்று என இரண்டு நிறைகள் கணக்கில் விடுபட்டிருக்கின்றன. அவற்றுக்காக 1.02-ஐக் கழித்தபின் மீதியுள்ள 0.96 மெகா எலக்ட்ரான் வோல்ட்டே பாசிட்ரானும் நியூட்ரினோவும் பகிர்ந்துகொள்ளும் ஆற்றல்.