தவணை மாறவில்லை, கடன் நீண்டுவிட்டது

மிதக்கும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு, வட்டி ஏறினாலும் மாதத் தவணை பெரும்பாலும் மாறாது. தவணையை அப்படியே வைத்துக்கொண்டு, வங்கி கடன் காலத்தை நீட்டிவிடும்.

30 லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டு, 7 சதவீத வட்டி. தவணை சுமார் 23,260 ரூபாய். முதல் மாதத்தில் 17,500 வட்டிக்குப் போக, 5,760 அசலில் கழியும். தொடக்கத்திலேயே வட்டி 8 சதவீதமானால் வட்டிக்கே 20,000 போய்விடும், அசலுக்கு 3,260தான். அதே தவணையில் கடன் முடிய 24 ஆண்டு 8 மாதம் ஆகும். கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 13 லட்சம். தவணையை 25,093 ஆக உயர்த்தினால் 20 ஆண்டில் முடியும். கூடுதல் சுமை சுமார் 4.4 லட்சம் மட்டுமே.

2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4லிருந்து 6.5 சதவீதமாக்கியது. அந்த 2.5 சதவீதமும் இந்தக் கடனில் சேர்ந்தால் மாத வட்டி 23,750. பழைய தவணை வட்டிக்கே போதாது, அசல் வளரும்.

இதைத் தடுக்கவே 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்ப்பதா என்பதைக் கடன்தாரரே தேர்ந்தெடுக்கலாம். காலாண்டு அறிக்கையில் மீதமுள்ள தவணை எண்ணிக்கை இருக்கும். அது கூடியிருந்தால், முடிந்தவரை தவணையை உயர்த்தச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.