பீரோவில் ஒன்று, ஊரில் ஒன்று

ஆவணப்படம் ஒன்றை எடிட் செய்து முடிக்க ஓராண்டு ஆவது சாதாரணம். தயாரிப்பாளரிடம் பணம் வரும்போது வேலை நடக்கும், இல்லாதபோது நிற்கும். அந்த ஓராண்டும் படம் இருக்கும் இடம் ஒரு ஹார்ட் டிஸ்க். படம்பிடித்த கார்டுகளை எப்போதோ அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்தியிருப்பார்கள். பேட்டி கொடுத்த முதியவர் இன்று உயிரோடு இல்லாமல் போயிருக்கலாம், காட்சியில் வரும் ஓட்டு வீட்டை இடித்திருக்கலாம். திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்ற வழி இல்லாத வேலை இது.

கணக்குக்காக ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்களைப் பற்றி இரண்டு பேர் சேர்ந்து எடுக்கும் படம், மொத்தம் 30 மணி நேர ஃபுட்டேஜ். 4கே தரத்தில், நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரக் காட்சி 45 ஜிபி பிடிக்கும். 30 மணி நேரத்துக்கு 1350 ஜிபி. தனியாகப் பதிவு செய்த ஒலி, டிரோன் காட்சி, பழைய புகைப்படங்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1.5 டிபி என்று வைத்துக்கொள்ளலாம்.

எடிட்டருடைய வேலையைச் சுமக்கும் புராஜெக்ட் கோப்போ பெரும்பாலும் சில எம்பிதான். எந்த ஷாட்டை எங்கே வெட்டினோம், எதற்குப் பின் எதை ஒட்டினோம் என்ற முடிவுகள் மட்டுமே அதில் இருக்கும். படம் அதில் இருக்காது. ஃபுட்டேஜ் ஒருமுறை வந்து சேர்ந்தால் அதன்பின் மாறாது. புராஜெக்ட் மணிக்கு மணி மாறும். இந்த இரண்டையும் ஒரே முறையில் காப்பாற்ற நினைப்பதுதான் பல இழப்புகளுக்குக் காரணம்.

முதலில் ஃபுட்டேஜ். படப்பிடிப்பு முடிந்த இரவு கார்டை 'டம்ப்' செய்யும்போதே இதன் தலையெழுத்து பாதி தீர்மானமாகிவிடுகிறது. கேமரா கார்டுக்குள் காட்சிகள் C0001.MP4, C0002.MP4 என்று எண்ணோடு இருக்கும். புதிய கார்டு போடும்போதெல்லாம் எண் முதலிலிருந்து தொடங்கும்படி சில கேமராக்களில் அமைத்திருப்பார்கள். இரண்டு கார்டுகளை ஒரே ஃபோல்டருக்குள் கொட்டினால் அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மாற்றிவிடவா என்று கணினி கேட்கும். நள்ளிரவில், அசதியில், சரி என்று அழுத்தினால் காலையில் எடுத்த பேட்டி போய்விடும். ஆகவே ஒவ்வொரு கார்டுக்கும் தேதியும் கார்டு எண்ணும் கொண்ட தனி ஃபோல்டர் வேண்டும். கார்டில் இருக்கும் எல்லா ஃபோல்டர்களையும் அப்படியே எடுக்க வேண்டும். வீடியோவை மட்டும் பொறுக்கி எடுத்தால், பக்கத்துச் சிறு கோப்புகளில் இருக்கும் நேரக் குறிப்பு முதலான தகவல்கள் விட்டுப்போகும்.

அடுத்தது சரிபார்ப்பு. சாதாரணமாக இழுத்துப் போடும்போது கணினி எழுதி முடிக்கும், எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடாது. கேபிள் தளர்வாலோ கார்டு ரீடரின் கோளாறாலோ நடுவில் சில பைட்டுகள் மாறியிருந்தாலும் கோப்பின் அளவு ஒன்றாகவே தெரியும். ஆறு மாதம் கழித்து அந்தக் காட்சியை டைம்லைனில் வைக்கும்போது படம் உறையும், அல்லது பச்சைக் கட்டங்களாகச் சிதறும். அதற்குள் கார்டு பலமுறை அழிந்திருக்கும்.

இதைத் தடுக்கும் வழி செக்சம் எனப்படும் கணக்கு. கோப்பில் உள்ள எல்லா எண்களையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரு சிறிய அடையாள எண் எடுப்பார்கள். மூலத்தின் எண்ணும் பிரதியின் எண்ணும் ஒத்துப்போனால் ஒரு பைட்டும் மாறவில்லை என்று நம்பலாம். இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே, Media பக்கத்தில் Clone Tool என்று ஒன்று இருக்கிறது. கார்டை ஒரு பக்கம் காட்டி, எதிர்ப்பக்கம் இரண்டு டிரைவ்களைக் காட்டினால் இரண்டிலும் எழுதி, சரிபார்த்துத் தரும். 128 ஜிபி கார்டு ஒன்றைச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும், சரிபார்க்க இன்னும் ஏறக்குறைய அவ்வளவு நேரம். படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் ஒருவர் கணினி அருகே இருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இரண்டு டிரைவ்களிலும் சரிபார்ப்பு முடியும் வரை அந்தக் கார்டை யாரும் கேமராவில் போடக்கூடாது. முடிந்ததும் கார்டின் மேல் டேப் ஒட்டிவைக்கும் பழக்கம் பல குழுக்களில் உண்டு.

நம் படத்துக்கு மூன்று டிரைவ் போதும், ஒவ்வொன்றும் 2 டிபி அல்லது அதற்கு மேல். அவை இருக்கும் இடத்தை வைத்தே பெயரிடலாம்: வேலை டிரைவ், பீரோ டிரைவ், ஊர் டிரைவ். முதலாவது எடிட் மேஜையில் கணினியோடு இணைந்திருக்கும். இரண்டாவது, ஏற்றும் நேரம் தவிர, கணினியிலிருந்து கழற்றி பீரோவுக்குள் இருக்கும். மின்னழுத்தம் எகிறினாலும், வைரஸ் வந்தாலும், கை தவறி எதையாவது அழித்தாலும், கழற்றி வைத்த டிரைவுக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாவது வேறொரு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளின் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரே அறையில் பத்துப் பிரதி வைத்திருந்தாலும் அப்படி ஒரு நாளில் பத்தும் ஒன்றுதான்.

இனி புராஜெக்ட். இங்கே எடிட்டருக்கே தெரியாத ஒரு பள்ளம் இருக்கிறது. பிரீமியர் புரோவில் வேலை செய்பவரின் புராஜெக்ட் .prproj என்ற கோப்பாக, நாம் சேமித்த இடத்தில் இருக்கும். ரிசால்வில் அப்படி இல்லை. அது புராஜெக்டைத் தன் தரவுத்தளத்துக்குள், பெரும்பாலும் கணினியின் உள் டிஸ்க்கில், வைத்துக்கொள்ளும். ஃபுட்டேஜ் இருக்கும் டிரைவை மூன்று பிரதி எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவரின் கணினி ஒருநாள் பழுதானால் 30 மணி நேரக் காட்சியும் பத்திரமாக இருக்கும், எட்டு மாத எடிட் மட்டும் இருக்காது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் Project Manager-இல் புராஜெக்டின் மேல் வலது சொடுக்கு செய்து Export Project கொடுத்தால் .drp என்ற சிறு கோப்பு கிடைக்கும். அதற்குத் தேதியோடு பெயர் வைத்து, வேலை டிரைவிலும் இணையச் சேமிப்பிலும் போட வேண்டும். சில எம்பிதான் என்பதால் மின்னஞ்சலிலேயே தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளலாம்.

பிரீமியரில் தானியங்கிச் சேமிப்பு இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அந்தப் பிரதிகள் வழக்கமாக புராஜெக்ட் கோப்புக்குப் பக்கத்து ஃபோல்டரிலேயே விழுகின்றன, டிரைவ் போனால் இரண்டும் சேர்ந்து போகும். Project Settings-இல் Scratch Disks பகுதியில் Project Auto Save இடத்தை வேறு டிஸ்க்குக்கு மாற்றலாம். இன்னொரு குறையும் உண்டு. 5 நிமிடத்துக்கு ஒரு பிரதி, மொத்தம் 20 பிரதி என்று அமைத்திருந்தால், விடாமல் வேலை செய்யும் நாளில் 100 நிமிடத்துக்கு முந்தைய நிலை அதில் இருக்காது. காலையில் தவறி அழித்த காட்சி வரிசையை மாலையில் தேடினால் கிடைக்காது. நாளுக்கொரு பெயரில் சேமித்த பிரதிதான் அங்கே கைகொடுக்கும். இயக்குநர் வந்து, போன மாதம் இருந்த தொடக்கமே நன்றாக இருந்தது என்று சொல்லும் நாளிலும் அதுதான் உதவும்.

இரண்டு டிரைவ்களை எப்போதும் ஒன்றுபோல் வைத்திருக்கும் 'சிங்க்' வசதியை நான் பேக்கப் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அதுவே இழப்பைப் பரப்பும் வழியாகலாம். வேலை டிரைவில் ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால், மறுபக்கமும் அதையே செய்து அழித்துவிடும். ஃபுட்டேஜைப் பொறுத்தவரை புதியதைச் சேர்ப்பது மட்டுமே நடக்க வேண்டும், பழையதை எந்த மென்பொருளும் தானாகத் தொடக்கூடாது.

இவ்வளவு செய்தும் கைவிடும் சில உண்டு: டெஸ்க்டாப்பில் இறக்கிய பின்னணி இசை, வாட்ஸப்பில் வந்த புகைப்படம், தலைப்புக்குப் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு. எடிட் செய்யும் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடுவதால் இவை புராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே இருப்பது தெரியாது. வேறு கணினியில் திறந்தால்தான் Media Offline என்ற சிவப்புத் திரை வரும், எழுத்துகள் கட்டங்களாகும்.

அதனால்தான் பிரதியை எடுப்பதோடு அதைத் திறந்து பார்ப்பதும் வேலையின் பகுதி. 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு கட்டளை படத்தின் பெரும்பகுதிக் கோப்புகளை சர்வரிலிருந்து அழித்தது. பேக்கப் இருந்தது. திறந்து பார்த்தபோதுதான் அது சரியாக எடுக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. படத்தின் மேற்பார்வைத் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சூஸ்மன், குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்ய வசதியாக ஒரு பிரதியைத் தன் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அதிலிருந்துதான் படத்தை மீட்டார்கள். அவர்களிடம் பணமும் நிபுணர்களும் இருந்தார்கள், பிரதியைச் சோதிக்கும் வழக்கம் மட்டும் இல்லை.

நம் நெசவாளர் படத்துக்கு அந்தச் சோதனை மாதம் ஒருமுறை போதும். ஊர் டிரைவை வரவழைத்து, எடிட் செய்யாத வேறொரு கணினியில் செருகி, கடைசி .drp கோப்பை ஏற்றவும். டிரைவின் பெயர் வேறு என்பதால் முதலில் எல்லாம் சிவப்பாகத்தான் வரும். ஃபோல்டர் அமைப்பு மூன்று டிரைவிலும் ஒன்றாக இருந்தால் Relink கொடுத்து ஒரே ஒரு முறை இடத்தைக் காட்டினால் போதும், அனைத்தும் இணைந்துவிடும். அதன்பிறகும் சிவப்பாக இருப்பவைதான் விட்டுப்போனவை, அவற்றைத் தேடிச் சேர்க்கவும். பின்பு டைம்லைனை வேகமாக ஓட்டிப் பார்க்கவும். பேட்டியில் ஒரே பெயர் கொண்ட வேறு காட்சி வந்து உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் கவனிக்கவும். C0001 பல இருக்கும் படத்தில் அது நடக்கும்.

எடிட் நடந்துகொண்டிருக்கிறதென்றால் இன்றிரவே மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். புராஜெக்டை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போடுங்கள். இரண்டாவது டிரைவைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். மூன்றாவது இன்னும் வாங்கவில்லை என்றால், அடுத்த படப்பிடிப்பு நாளுக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து முதலில் அதை வாங்குங்கள்.