ஊசி போட்ட பிறகு

மனநோய் முற்றித் தன்னையோ பிறரையோ தாக்கும் நிலையில் இருப்பவரை, ஊசி மருந்தால் சீக்கிரம் அமைதிப்படுத்துவதை விரைவு அமைதிப்படுத்தல் என்கிறார்கள். பேசித் தணிக்க முயன்று, மாத்திரையும் கொடுத்துப் பார்த்து, இரண்டும் எடுபடாதபோதுதான் ஊசி. அதற்கு முன் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்ப்பது நல்லது. சர்க்கரை தாழ்ந்தவரும் கத்துவார், முரண்டு பிடிப்பார். அவருக்குத் தேவை குளுக்கோஸ்.

எந்த ஊசி என்ற கேள்விக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு ஒன்று தெளிவான பதில் தந்தது. 2004-இல் வெளியான அதில் 200 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு 4 மில்லிகிராம் லோராசெபாம் தரப்பட்டது. மற்றவர்களுக்கு 10 மில்லிகிராம் ஹாலோபெரிடாலும் 25 அல்லது 50 மில்லிகிராம் ப்ரோமெத்தசினும் சேர்த்துப் போடப்பட்டன. நான்கு மணி நேரம் கழித்து இரு தரப்பிலும் 96 சதவீதம் பேர் அமைதியாகவோ தூங்கியோ இருந்தார்கள். தூங்கியவர்கள் மட்டும் கூட்டு ஊசியில் 76 சதவீதம், லோராசெபாமில் 45 சதவீதம். முதல் இரண்டு மணி நேரத்தில் கூட்டு ஊசிதான் வேகமாக வேலை செய்தது.

ப்ரோமெத்தசின் ஒவ்வாமைக்கான பழைய, மலிவான மருந்து. அது இங்கே ஏன் என்பதற்கு ரியோ டி ஜெனீரோவில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு விடை சொல்கிறது. கழுத்தும் தாடையும் திடீரென முறுக்கிக்கொள்ளும் தசை இறுக்கம் அதில் 10 பேருக்கு வந்தது. அத்தனை பேரும் ஹாலோபெரிடாலை மட்டும் பெற்றவர்கள்.

ஊசி வேலை செய்த பிறகுதான் கண்காணிப்பின் முக்கியக் கட்டம் வருகிறது. இரவு 11 மணிக்கு, குடித்துவிட்டு வந்த ஓர் இளைஞருக்கு லோராசெபாம் போடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் குறட்டை கேட்கிறது. வார்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மதுவும் லோராசெபாமும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-இல் தந்த வழிகாட்டுதல்படி நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, உடல் வெப்பம், நீர்ச்சத்து, நினைவு ஆகியவற்றைக் குறைந்தது மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தூங்கிவிட்டவருக்கும் குடித்திருப்பவருக்கும் அது 15 நிமிடத்துக்கு ஒருமுறை. எனவே செவிலியர் இளைஞரின் நெஞ்சைப் பார்த்து முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுகிறார். விரலில் ஆக்ஸிஜன் மீட்டர் மாட்டுகிறார். பெயர் சொல்லி அழைத்து, கண் திறக்கிறாரா என்று பார்க்கிறார். மூச்சு 10-க்குக் கீழே போனால் ஆக்ஸிஜன் தந்து மருத்துவரை அழைப்பார். லோராசெபாமுக்கு ஃப்ளூமசெனில் என்ற முறிவு மருந்து உண்டு. வலிப்பு நோய் உள்ளவருக்கு அதைக் கொடுத்தால் வலிப்பு வரலாம் என்பதால் யோசித்துத்தான் தருவார்கள்.

ஹாலோபெரிடால் போட்டிருந்தால் கவனம் இதயத் துடிப்பின் பக்கமும் திரும்பும். முன்பு ஈசிஜி எடுக்காத நிலையில் நைஸ் இதைத் தவிர்க்கச் சொல்கிறது. அப்படிப்பட்ட நள்ளிரவு அவசரங்களில் லோராசெபாம்தான் கைக்கு வரும். உடம்பு கொதித்து, தசைகள் விறைத்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே பொது மருத்துவப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். விழித்தவர் தெளிவாகப் பேசி, தண்ணீர் குடித்து, தலைசுற்றாமல் எழுந்து நின்று, அளவீடுகளும் சீராக இருந்தால் இந்தக் கண்காணிப்பு முடிகிறது.